மூன்றுக்கு மூன்றில் சிக்குக் கோலம்

அன்புள்ள அக்கா,

நேர்ப்புள்ளியில் 4 புள்ளி 3 வரிசை வைத்தால் சிக்குக் கோலம் எடுத்த இடத்திலேயே வந்து முடிகிறது. 3 புள்ளி 3 வரிசை வைத்தால், பாதிப் புள்ளி மிச்சமிருக்கும்போதே கோடு மூடிக்கொள்கிறது. எங்கே தப்பு செய்கிறேன்? வாசலில் போடும்போது வளைவுகளும் ஒன்று குண்டாக, ஒன்று ஒல்லியாக, ஓரத்தில் கூராக நிற்கின்றன.

ஒரு வாசகி, கும்பகோணம்

அன்புள்ள தங்கைக்கு,

தப்பு உங்கள் கையில் இல்லை, புள்ளியில் இருக்கிறது. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே எல்லா இடத்திலும் கோடுகளை வெட்டவிட்டுப் போட்டால், 3க்கு 3-ல் மூன்று தனிக்கோடுகள்தான் வரும். பள்ளிக்கூடத்தில் படித்த மீ.பொ.வ. ஞாபகம் இருக்கிறதா? நேர்ப்புள்ளிச் சதுரத்துக்கும் செவ்வகத்துக்கும் அதே கணக்குதான். 4க்கும் 3க்கும் பொதுவான பெரிய வகுத்தி 1, அதனால் ஒரே கோடு. 4க்கு 6 வைத்தால் இரண்டு கோடு. 3க்கு 3 வைத்தால் மூன்று.

அந்த மூன்றையும் மூன்று கலர் பென்சிலால் நோட்டில் போட்டுப் பாருங்கள். இரண்டு கோடுகள் மூலைக்கு மூலை சாய்ந்த படகு மாதிரி இருக்கும், ஒவ்வொன்றுக்குள்ளும் மூன்று புள்ளி. மூன்றாவது, நான்கு மூலைப் புள்ளிகளையும் வெளியே விட்டுவிட்டு நடுவில் டைமண்டாக நிற்கும். இரண்டு கலர் வெட்டிக்கொள்ளும் ஓர் இடத்தில் வெட்டை எடுத்துவிட்டு, வந்த கோட்டைத் திருப்பி அனுப்பினால் அந்த இரண்டு கோடும் ஒன்றாகிவிடும். மூன்றை ஒன்றாக்க இரண்டு வெட்டை எடுத்தால் போதும்.

மேல் வரிசையை எடுத்துக்கொள்வோம். முதல் புள்ளிக்கும் நடுப்புள்ளிக்கும் இடையில் ஒரு படகும் டைமண்டும் வெட்டுகின்றன. நடுப்புள்ளிக்கும் கடைசிப் புள்ளிக்கும் இடையில் மற்ற படகும் டைமண்டும். இந்த இரண்டு இடத்திலும் ஒரு சின்னச் சுவர் எழுப்பியதாக நினைத்துக்கொண்டு, கோடு தாண்டாமல் அவரவர் புள்ளியைச் சுற்றித் திரும்பட்டும். மேலே மூன்று புள்ளியும் தனித்தனிச் சொட்டாக, நடு வரிசையின்மேல் நிற்கும். மற்ற பத்து வெட்டும் அப்படியே இருக்கட்டும். இப்போது எங்கே எடுத்தாலும் ஒன்பது புள்ளியும் சுற்றி அங்கேயே வந்து சேரும். அழகுக்காகக் கீழ் வரிசையிலும் இதையே செய்யத் தோன்றும். அங்கே இப்போது ஒரே கோடு தன்னைத்தானே வெட்டுகிறது. அந்த வெட்டை எடுத்தால் கோடு மறுபடி இரண்டாகப் பிரியலாம், பென்சிலில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

அப்புறம் வளைவு. பலரும் புள்ளியைப் பார்த்துக்கொண்டே கோடு இழுக்கிறார்கள். கண் இருக்க வேண்டிய இடம் இரண்டு புள்ளிக்கும் சரிபாதி. வெட்டு அங்கேதான் விழ வேண்டும், சாய்ந்த பெருக்கல் குறி மாதிரி. அது விரற்கடை அளவு ஒரு பக்கம் ஒதுங்கினாலும் அந்தப் பக்கத்துப் புள்ளி ஒல்லியாகும், எதிர்ப்பக்கம் குண்டாகும். நீங்கள் சொல்லும் குண்டு ஒல்லி எல்லாம் இதிலிருந்து வருவதுதான். புள்ளிகளுக்கு நடுவே நாலு விரல் இடம் விடுங்கள், அதைவிட நெருக்கினால் வளைவுக்கு இடமே இருக்காது.

ஓரம் கூராவது வேறு காரணத்தால். ஓரப்புள்ளிக்கு வெளியே போன கோடு, உச்சியில் நின்று யோசித்துத் திரும்புகிறது. அங்கே மாவும் குவியும், முனையும் கூராகும். எங்கள் பெரியம்மா நான் உச்சியில் கையை எடுத்தால் புறங்கையில் ஒன்று வைப்பார். நிறுத்த வேண்டுமென்றால் ஒரு வெட்டைத் தாண்டி, நேராக ஓடும் இடத்தில் நிறுத்துங்கள். மாவு தீர்ந்து மறுபடி எடுத்தாலும் அங்கேயே ஒட்டுங்கள், ஒட்டு தெரியாது.

கோடு வழி தவறினால் முழுக்க அழிக்காதீர்கள். போட்டு முடித்த கோலத்தில் இரண்டு புள்ளிக்கு நடுவே இரண்டு கோடுகள் வெட்டியிருக்கும், இல்லையென்றால் வெட்டாமல் விலகியிருக்கும். ஒற்றைக் கோடு மட்டும் போகும் இடைவெளி எங்கே இருக்கிறதோ, அங்கேதான் பிசகு. பெரும்பாலும் கோடு புள்ளியின் இடப்பக்கம் வந்து, அடுத்த புள்ளிக்கு வலப்பக்கம் மாறாமல் அதே பக்கமாகப் போயிருக்கும். அந்த ஒரு துண்டை மட்டும் காய்ந்த விரலால் தள்ளிவிட்டுத் திருத்துங்கள். ஈரக்கை வைத்தால் மாவு கூழாகித் தரையில் அப்பிக்கொள்ளும், அதன்மேல் போடும் கோடு சரியாக நிற்காது. தெளித்த தண்ணீர் முக்கால்வாசி இழுத்த பிறகு போட ஆரம்பித்தால் இந்தத் தொல்லை பாதி குறையும்.