மூச்சை இழுக்கையில் நழுவும் நாடி

"திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கிறேன். வாட்டில் ஒரு நோயாளியைக் காட்டி, பல்சஸ் பரடொக்சஸ் இருக்கிறதா பார் என்றார்கள். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றும் ஒன்றும் பிடிபடவில்லை. இதை எப்படிப் பார்ப்பது? மெதுவாக எழும் நாடியும் இதே வகைதானா?"

உங்கள் விரலில் குறையில்லை, தங்கச்சி. மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் பார்த்துப் பழகிய கைக்கும் இந்த நாடி எளிதில் சிக்காது. மூச்சை உள்ளே இழுக்கும்போது எல்லோருக்கும் இரத்தத்தின் மேல் அமுக்கம் சற்று இறங்கும். அந்த இறக்கம் 10 மி.மீ. இரசத்தைத் தாண்டினால்தான் இந்தப் பெயர். விரலுக்குத் தெரியுமளவு இறங்க வேண்டுமானால் பெரும்பாலும் அது 20ஐ நெருங்கியிருக்க வேண்டும். ஆகவே கையை எடுத்துவிட்டு, அமுக்கமானியையும் ஸ்டெதஸ்கோப்பையும் எடுங்கள். தானியங்கி மெஷின் இதற்கு உதவாது.

உப்புவெளியிலிருந்து நாற்பது வயதுக் கடற்றொழிலாளர் ஒருவர் வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வாரமாக மூச்சு வாங்குகிறது, நாடி நிமிடத்துக்கு 116. தலைப்பக்கத்தை உயர்த்திச் சாய்ந்து படுக்க வையுங்கள். "நல்லா மூச்சை இழுங்கோ" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஆழமாக இழுத்தால் சுகதேகியின் அமுக்கமும் கூடுதலாக இறங்கும். அவர் பாட்டுக்கு மூச்சு விடட்டும், நீங்கள் நெஞ்சைப் பாருங்கள்.

காற்றை ஏற்றி, ஒலி முழுதும் அடங்கியபின் மிக மெதுவாக, ஒரு துடிப்புக்கு 2 மி.மீ. அளவில் இறக்குங்கள். 108இல் முதல் ஒலி கேட்கிறது. ஆனால் தொடர்ந்து கேட்பதில்லை. நெஞ்சு தாழும்போது கேட்டு, உயரும்போது மறைகிறது. இந்த இலக்கத்தைக் குறித்துவிட்டு இன்னும் இறக்குங்கள். 84இல்தான் மூச்சின் இரு பாதியிலும் ஒவ்வொரு துடிப்பும் கேட்கிறது. வித்தியாசம் 24. காற்றை வேகமாக இறக்கியிருந்தால் இதைத் தவறவிட்டு "108" என்று மட்டும் எழுதியிருப்பீர்கள். பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

கழுத்து நாளம் புடைத்திருக்கிறது, இதய ஒலி மங்கல், நுரையீரலில் மேலதிகச் சத்தமில்லை. இவற்றோடு 24 சேர்ந்தால், இதயத்தைச் சுற்றிய உறைக்குள் நீர் கட்டி இதயத்தை நெரிக்கும் டம்பொனேட்தான் முதலில் நினைவுக்கு வரவேண்டும். அன்றே எக்கோ எடுக்க வேண்டும். நம் பக்கம் காசநோயையும் காரணமாகத் தேடுங்கள்.

நடப்பது இதுதான். மூச்சை இழுக்கையில் வலது இதயத்துக்கு அதிக இரத்தம் வருகிறது. வெளிப்பக்கம் நீர் நெரிப்பதால் வலது கீழறை வெளியே விரிய முடியாமல் நடுச்சுவரை இடப்பக்கம் தள்ளுகிறது. இடது கீழறையில் இடம் குறைய, அந்தத் துடிப்பில் வெளியேறும் இரத்தமும் குறைகிறது. 1873இல் பெயர் வைத்த ஜெர்மன் மருத்துவர் குஸ்மாவுலுக்கு முரணாகத் தோன்றியது, இதயம் துடிக்கிறது, ஆனால் மணிக்கட்டில் நாடி இல்லை என்பதுதான். உண்மையில் இயல்பான இறக்கமே இங்கே மிகைப்படுகிறது. பெயர் பிழையானாலும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

கடும் முட்டிலும் இது வரும். அங்கே உறையில் நீரில்லை. மூச்சிழுக்க நெஞ்சுக்குள் உண்டாகும் அமுக்க ஏற்ற இறக்கமே காரணம். கவனிக்க வேண்டிய பொறி: நோயாளி களைத்துப்போய் மூச்சிழுக்க மாட்டாமல் ஆனதும் வித்தியாசம் குறைந்துவிடும். இலக்கம் இறங்கியது, ஆள் தேறிவிட்டார் என்று நினைக்கக்கூடாது. பேச முடிகிறதா, மயங்குகிறாரா என்று பாருங்கள். இன்னொன்று, டம்பொனேட் இருந்தும் பெருநாடி வால்வு கசிந்தால் இந்த அடையாளம் தெரியாமல் போகலாம். நாடி ஒழுங்கீனமாக இருந்தால் இந்தக் கணக்கையே நம்ப முடியாது.

மெதுவாக எழும் நாடி வேறு வகை. அதற்கு மூச்சோடு தொடர்பில்லை. ஒவ்வொரு அலையின் உருவமே மாறியிருக்கும். பெருநாடி வால்வு ஒடுங்கியதால் இரத்தம் சிறுவழியில் பிதுங்கிச் செல்ல, அலை தாமதமாக ஏறித் தாழ்வாகவே நிற்கும். இதை மணிக்கட்டில் தேடாதீர்கள். இதயத்துக்கு அருகிலுள்ள கழுத்து நாடியில், ஒரு பக்கம் மட்டும், மெதுவாக விரலை வையுங்கள். மறுகையில் இதய முனையின் துடிப்பையும் உணர்ந்தால், கழுத்து அலை பிந்துவது விளங்கும். முதியோரின் நாடிச்சுவர் விறைத்திருப்பதால் வால்வு நன்றாகவே ஒடுங்கியிருந்தும் அலை சுறுசுறுப்பாகத் தோன்றலாம். அங்கே விரலைவிட நெஞ்சில் கேட்கும் முணுமுணுப்பையும் எக்கோவையும் நம்புங்கள்.

அமுக்கமானி கையில் இருக்கும்போதே இன்னொன்றையும் பிடிக்கலாம். காற்றை இறக்குகையில் ஒன்றுவிட்டொரு துடிப்பு மட்டும் கேட்டு, இன்னும் இறக்கியதும் ஒலிகளின் எண்ணிக்கை திடீரென இரட்டித்தால், மூச்சோடு அதற்குத் தொடர்பில்லாமல் நாடியும் ஒழுங்காக இருந்தால், அது பல்சஸ் அல்டர்னன்ஸ். இடது கீழறை வலுவிழந்திருக்கிறது.