கடிகாரத்தைத் தள்ளினாலும் பூசணி விளையாது

கேள்வி: ஆண்ட்ராய்டுக்கு ஒரு பண்ணை விளையாட்டு செய்திருக்கிறேன். பூசணி விளைய 8 மணி நேரம். சிலர் போன் கடிகாரத்தை முன்னே தள்ளி உடனே அறுவடை செய்துவிடுகிறார்கள். இணையம் இல்லாதபோதும் விளையாட்டு ஓட வேண்டும். எப்படித் தடுப்பது?

பதில்: நீங்கள் `System.currentTimeMillis()` பார்த்துக் கணக்குப் போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அது செட்டிங்ஸில் யார் வேண்டுமானாலும் திருப்பக்கூடிய கடிகாரம். போனுக்குள் இன்னொரு கணக்கு ஓடுகிறது: போன் ஆன் ஆனதிலிருந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்பது. அதை `SystemClock.elapsedRealtime()` தருகிறது. தேதியை மாற்றினாலும் அது அசையாது.

சர்வரோடு பேசும் ஒவ்வொரு முறையும் சர்வர் சொன்ன நேரத்தையும் அந்தக் கணத்தில் இந்த எண் என்ன என்பதையும் சேர்த்துச் சேமியுங்கள். பிறகு இணையம் இல்லாவிட்டாலும் சரியான நேரம் கிடைக்கும்:

```kotlin
val now = serverAtSync +
    (SystemClock.elapsedRealtime() - elapsedAtSync)
```

இரவு 10 மணிக்கு சர்வரோடு பேசியபோது போன் 50 மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்தது என்று வையுங்கள். அப்போதே ஆட்டக்காரர் ஒருவர் பூசணி நடுகிறார். சற்று நேரம் கழித்துக் கடிகாரத்தைக் காலை 7 மணிக்குத் தள்ளிவிட்டு ஆவலோடு வந்து பார்க்கிறார். போனின் ஓட்டக் கணக்கு 53 மணியில் நிற்கிறது. ஆக, உங்கள் விளையாட்டுக்கு இப்போது நள்ளிரவு 1 மணிதான். பூசணிக்கு இன்னும் 5 மணி நேரம் பாக்கி.

இதே போலத் தோன்றும் `uptimeMillis()` பக்கம் போய்விடாதீர்கள். போன் ஆழ்ந்து தூங்கும்போது அதுவும் நின்றுவிடும். இரவு நட்டவர் காலையில் எடுத்துப் பார்த்தால் பயிர் பாதிகூட வளர்ந்திருக்காது. கேபிளில் மாட்டிச் சோதிக்கும்போது போன் அப்படித் தூங்குவதில்லை என்பதால் இந்தக் கோளாறு உங்கள் மேசையில் தெரியவே தெரியாது. ஆட்டக்காரர்கள் திட்டும்போதுதான் தெரியும்.

அடுத்த சிக்கல் ரீஸ்டார்ட். போன் அணைந்து எழுந்தால் ஓட்டக் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். சேமித்த எண்ணைவிடக் குறைவாக இருந்தால் ரீஸ்டார்ட் என்று பிடித்துவிடலாம், ஆனால் ரீஸ்டார்ட் ஆகி 60 மணி நேரம் கழித்துத் திறந்தால்? 60 என்பது 50ஐவிடப் பெரியது. 10 மணி நேரம்தான் போயிற்று என்று கணக்கு ஏமாந்துவிடும். அதனால் `Settings.Global.BOOT_COUNT` எண்ணையும் சேமியுங்கள். ஆண்ட்ராய்டு 7 முதல் இது இருக்கிறது. எண் மாறியிருந்தால் ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது.

ரீஸ்டார்ட் ஆனது தெரிந்தால், இணையமும் இல்லையென்றால், பலர் பயிரை அப்படியே உறைய வைத்துவிடுகிறார்கள். தேவையில்லை. ஆப் மூடும்போதெல்லாம் அப்போதைய நம்பகமான நேரத்தைச் சேமித்து வந்தால், அதை `serverAtSync` ஆகவும், `elapsedAtSync` பூஜ்யமாகவும் வைத்து, புதிய `BOOT_COUNT` எண்ணையும் சேமித்துவிட்டு அதே சூத்திரத்தைப் போடலாம். ஆப் மூடியதிலிருந்து போன் எழும்வரை போன நேரம் மட்டும் கணக்கில் விட்டுப்போகும். அதுவும் அடுத்த முறை சர்வரோடு பேசியதும் சரியாகிவிடும். நேர்மையானவருக்குச் சற்றுத் தாமதம், ஏமாற்றுபவருக்கு ஒரு நிமிடம்கூட லாபமில்லை.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். 'கடைசியாகப் பார்த்த கடிகார நேரத்தைவிட இப்போது குறைவாக இருந்தால் ஏமாற்று' என்று நானும் ஒரு காலத்தில் எழுதினேன். ஒரு குழந்தை விளையாட்டாகத் தேதியைப் பல வருடம் முன்னே தள்ளித் திருப்பி வைத்தது. அந்த வருடம் வரும்வரை பயிர் வளராது என்று என் நிரல் அடம்பிடித்தது. அப்புறம் சேமித்த கோப்பைக் கையால் திருத்திக் கொடுக்க வேண்டியதாயிற்று.

இதெல்லாம் கடிகாரத்தைத் திருப்புபவரைத் தடுக்கும்; கோப்பையே திருத்துபவரைத் தடுக்காது. தரவரிசையோ ஆட்டக்காரர்களிடையே விற்பனையோ இருந்தால் சர்வரும் சரிபார்க்க வேண்டும். சென்ற முறை பேசியதிலிருந்து 26 மணி நேரம் ஆகியிருக்கிறது என்றால், அப்போது காலியாக இருந்த ஒரு பாத்தியில் 8 மணி நேரப் பூசணியை அதிகபட்சம் 3 முறைதான் அறுக்க முடியும். நாலாவது அறுவடை வந்தால் அதை ஏற்காமல் விட்டால் போதும். தனியாக ஆடும் விளையாட்டு என்றால் இவ்வளவு தூரம் போக வேண்டாம் என்பது என் கருத்து.

கடைசியாக, கடிகாரம் வெகுதூரம் தப்பாக இருந்தால் சர்வரோடு பேசுவதே நடக்காது. பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியானதாகவோ இன்னும் தொடங்காததாகவோ போனுக்குத் தோன்றி இணைப்பை மறுத்துவிடும். அப்போது 'இணையம் இல்லை' என்று காட்டினால் ஆட்டக்காரர் வைஃபையைத்தான் அணைத்து அணைத்துப் போடுவார். 'போனின் தேதியைச் சரிபாருங்கள்' என்று காட்டுங்கள்.