ஐம்பதும் சரி, ஆறாயிரமும் சரியா?

கேள்வி: இணையக் கடை நடத்துகிறேன். 6,000 பொருள்களுக்கு ஏஐ விவரம் எழுதியிருக்கிறது. பட்டியலில் முதல் 50-ஐப் படித்தேன், பிழையே இல்லை. ஏற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம். பார்த்ததில் பிழையே இல்லை என்றால், 3 என்ற எண்ணை, நீங்கள் பார்த்த பொருள்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 50 பார்த்தால் 6 சதவீதம். அதாவது 6,000-இல் 360 வரை தப்பாக இருக்கலாம். அதற்கு மேல் இருக்காது என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம், அவ்வளவுதான். 300 பார்த்தும் பிழை இல்லையென்றால் அந்த எல்லை 1 சதவீதமாக இறங்கும். கடையில் 60,000 பொருள் இருந்தாலும் அதே 300 போதும். 'பத்தில் ஒன்று பார்' என்ற பழைய வாய்ப்பாட்டை விட்டுவிடுங்கள்.

ஆனால் முதல் 50-ஐ எடுத்தது பெருந்தவறு. அவை பெரும்பாலும் ஒரே வகைப் பொருளாக இருக்கும். குலுக்கல் முறையில் எடுங்கள்.

இனி என் பழைய புலம்பல். ஒருமுறை ஏணி வாங்கினேன். விவரத்தில் 150 கிலோ தாங்கும் என்றிருந்தது, ஏணியில் ஒட்டியிருந்த தாளில் 100 கிலோ. அந்த விவரத்தில் ஒரு எழுத்துப்பிழைகூடக் கிடையாது! ஏஐ பிழையையும் அழகாக எழுதும். அதனால் தனியே படித்தால் எதுவும் பிடிபடாது. தயாரிப்பாளரின் விவரத்தாளைப் பக்கத்தில் வைத்து எண்ணுக்கு எண் ஒப்பிட வேண்டும். தாங்கும் எடை, மின்னழுத்தம், எந்தக் கருவிக்குப் பொருந்தும், குழந்தையின் வயது, ஒவ்வாமைப் பொருள்: இவற்றில் பிழை என்றால் ஆளுக்கு அடிபடும், அல்லது பொருள் பயன்படாது. இவை கடும் பிழைகள், ஒன்றுகூட ஏற்கத்தக்கதல்ல. 1 சதவீதமும் இங்கே அதிகம். அப்படிப்பட்ட வகைகளில் மாதிரி எடுக்காமல் அத்தனையையும் பாருங்கள். 'மென்மையான நீலம்' என்பது வெளிர்நீலமா என்ற தகராறுக்குத்தான் மாதிரி போதும்.

சரிபார்ப்பவர் அசந்துபோவதும் உண்டு. 300-க்குள் நீங்களே 10 பிழைகளை ஒளித்து வையுங்கள். அவர் 7 பிடித்தால், 3 கைநழுவுகிறது என்று பொருள். அவர் சொல்லும் 'பிழையே இல்லை'யை அப்படியே நம்ப முடியாது.

கேள்வி: 300-இல் ஒரு மின்னழுத்தப் பிழை வந்தது. திருத்திவிட்டேன். முடிந்ததுதானே?

பதில்: இல்லை. அந்த வகை முழுவதையும் நிறுத்திவைத்து, அனைத்தையும் பாருங்கள். ஒரே மூலத்தாளிலிருந்து வந்தவை ஒரே மாதிரிதான் தப்பும்.

கேள்வி: அலமாரி வீட்டு வாசலில் நுழையவில்லை. அளவு விவரத்தில் இருந்ததாம், நான் படத்தை மட்டும் பார்த்தேன்.

பதில்: அளவுநாடா ஒன்று வாங்குங்கள்.

கேள்வி: தண்ணீர் படலாம் என்று எழுதியிருந்தது. நனைந்ததும் கடிகாரம் நின்றது. 'ஏஐ எழுதியது, நாங்கள் என்ன செய்வது' என்கிறார்கள்.

பதில்: உங்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. ஏஐ கடிகாரம் விற்கவில்லை, அவர்கள்தான் விற்றார்கள். அந்தப் பக்கத்தை அவர்கள் மாற்றுவதற்குள் தேதியோடு படம்பிடித்து வையுங்கள். பிறகு எழுத்தில் பணம் திருப்பிக் கேளுங்கள். வெளியிடும் முன் இதை யார் சரிபார்த்தார்கள் என்ற கேள்வியையும் சேர்த்து அனுப்புங்கள்.