ப்ரூஃபை வாங்கிக்கொண்டு பார்ட்டி காணாமல் போனால்?

கேள்வி: வீட்டிலிருந்தே விசிட்டிங் கார்டு டிசைன் செய்து தருகிறேன். ப்ரூஃப் அனுப்பினால் சிலர் அதையே டவுன்லோட் செய்து வேறு பிரஸ்ஸில் அடித்துவிடுகிறார்கள், மீதிப் பணம் வருவதில்லை. பார்க்க மட்டும் முடிகிற மாதிரி அனுப்ப வழி இருக்கிறதா?

பதில்: கூகுள் டிரைவில் ஃபைலைப் பகிரும்போது, பார்வையாளர்கள் டவுன்லோட், பிரிண்ட், காப்பி செய்யும் வசதியை நிறுத்திவைக்கலாம். பகிரும் பெட்டியில் உள்ள பல்சக்கரத்தை அழுத்தினால் அது வரும். ஆனால் ஸ்கிரீன்ஷாட்டை அது தடுக்காது. ஆகவே திரையில் தெரிவதே அச்சுக்கு உதவாதபடி இருக்க வேண்டும்.

உங்கள் தொழிலில் பலரும் கோட்டை விடுவது அளவில்தான். 3.5 x 2 அங்குல கார்டை 300 டிபிஐயில் அடிக்க 1050 x 600 பிக்ஸல் போதும். அதாவது, "சின்ன சைஸ்தானே" என்று நீங்கள் அனுப்பும் 1000 பிக்ஸல் படமே கிட்டத்தட்ட ஃபைனல் ஃபைல்! அகலத்தை 500 பிக்ஸலாகக் குறையுங்கள். போனில் பெயரும் நம்பரும் படிக்க வரும். அச்சடித்தால் 143 டிபிஐதான் கிடைக்கும், சின்ன எழுத்துகளின் ஓரம் பிசிறடிக்கும்.

வாட்டர்மார்க்கை மூலையில் போடாதீர்கள், வெட்டிவிடுவார்கள். வெறும் வெள்ளைப் பரப்பில் போட்டாலும் போன் ஆப்பிலேயே அழித்துவிடலாம். பெயர், லோகோ, நம்பர் மூன்றின் மேலும் குறுக்காக ஓட வேண்டும், 25 சதவீத அடர்த்தியில். "மாதிரி" என்பதோடு அந்த வாடிக்கையாளர் பெயரையும் தேதியையும் சேருங்கள்.

அப்புறம், ப்ரூஃபை பிடிஎஃப்பாக அனுப்பவே வேண்டாம். நான் ஒருமுறை வாட்டர்மார்க் போட்டு பிடிஎஃப் அனுப்பினேன். போன இடத்தில் அதை கோரல்டிராவில் திறந்து, வாட்டர்மார்க்கை க்ளிக் செய்து டெலீட் அடித்து, வெக்டர் லோகோவையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். உங்கள் பிடிஎஃப்பை 800 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்தின் ஓரம் அப்போதும் கூர்மையாக இருந்தால் உள்ளே வெக்டர் அப்படியே இருக்கிறது. ஜேபிஜியாக மாற்றினால் வாட்டர்மார்க்கும் டிசைனும் ஒரே படமாக ஒட்டிவிடும்.

லோகோ மட்டும் விதிவிலக்கு. எவ்வளவு சின்னதாக அனுப்பினாலும் அதன் மேல் வரைந்து எடுத்துவிட முடியும். அதனால் லோகோ வேலைக்கு முன்பணம் வாங்காமல் ப்ரூஃபே காட்டாதீர்கள்.

டிரைவில் ப்ரூஃபுக்குத் தனி ஃபோல்டர் வையுங்கள். ஒரிஜினல் இருக்கும் ஃபோல்டரின் லிங்க்கைக் கொடுத்தால் எல்லாமே திறந்துவிடும். வாடிக்கையாளருக்கு எடிட்டர் அனுமதி கொடுத்துவிட்டால், பார்வையாளர்களுக்குப் போட்ட டவுன்லோட் தடை அவருக்குச் செல்லாது.

சரி, வாட்டர்மார்க்குக்குக் கீழே எழுத்துப்பிழை பார்ப்பது சிரமம்தான். கார்டில் உள்ள வாசகம் முழுவதையும் தனியே டைப் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சரி" என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். நம்பர் தப்பு என்று பின்னால் சண்டை வந்தால் காட்ட அது கையில் இருக்கும்.