காலாண்டு அறிக்கையில் இலக்குத் தவறியதையும் வரவு செலவையும் எப்படிச் சேர்த்துச் சொல்வது?

கேள்வி: எங்கள் தொண்டு நிறுவனத்தின் நிர்வாகக் குழுவுக்குக் காலாண்டு அறிக்கை எழுதுகிறேன். இலக்கை எட்டவில்லை, ஆனால் செலவு குறைந்திருக்கிறது. இதை எப்படி எழுதுவது?

பதில்: அதை 'சேமிப்பு' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். 200 பேருக்குப் பயிற்சி தர 1,00,000 ஒதுக்கி, 90 பேருக்கு 60,000 செலவானதாக வைத்துக்கொள்வோம். மீதி 40,000 லாபம் போலத் தெரியும். ஆனால் ஒருவருக்கு 500 ஆக வேண்டியது சுமார் 667 ஆகியிருக்கிறது. பயிற்றுநர் சம்பளமும் அறை வாடகையும் ஆள் குறைந்தாலும் குறையாது என்பதே காரணம்.

ஆகவே இலக்கு, நடந்தது, ஒதுக்கீடு, செலவு நான்கையும் ஒரே வரிசையில் வையுங்கள். சாதனை முதல் பக்கத்திலும் கணக்கு பின்னிணைப்பிலும் இருந்தால் இந்த முரண் யார் கண்ணிலும் படாது. கீழே காரணம், திருத்த நடவடிக்கை, பொறுப்பாளர், தேதி எழுதுங்கள். 'எதிர்பாராத சூழல்' காரணமல்ல. 'சேர்க்கை மூன்று வாரம் தாமதமாகத் தொடங்கியது' என்பதே காரணம். மீதி 110 பேரை அடுத்த காலாண்டில் முடிக்க இயலுமா என்பதையும் சொல்லிவிடுங்கள். ஒருவருக்கு 667 என்ற இதே விகிதத்தில் போனால் அவர்களுக்குச் சுமார் 73,000 தேவை, கையில் 40,000தான்.

நிதிச் சுருக்கத்தில் வங்கி இருப்பை மொத்தமாகக் காட்டுவது இன்னொரு பொறி. அந்த 40,000 குறிப்பிட்ட பயிற்சிக்கென நன்கொடையாளர் தந்ததென்றால், அவர் சம்மதிக்காமல் அலுவலகச் சம்பளத்துக்கு எடுக்க முடியாது. நோக்கம் கட்டுப்பட்ட நிதியைத் தனியே கழித்து, எஞ்சியது எத்தனை மாத நிலையான செலவுக்கு வரும் என்று எழுதுங்கள்.