பிரசவத்துக்குப் பிறகு வரும் அழுகை: நாளைக் கணக்குப் பாருங்கள்

கேள்வி: தங்கைக்கு இரண்டாவது குழந்தை பிறந்து ஐந்து வாரம் ஆகுது. காரணமே இல்லாம அழறா, யார்கிட்டயும் பேசறதில்ல. அம்மா "பிள்ளை பெத்த உடம்பு, தானா சரியாயிடும்"னு சொல்றாங்க. இது சாதாரணம்தானா? எங்க ஊர் நர்ஸ்கிட்ட சொன்னா அவங்களால ஏதாவது செய்ய முடியுமா?

வேலூர் பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஐந்து வாரம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

உங்கள் அம்மா சொல்வது பொய்யில்லை, முதல் இரண்டு வாரத்துக்கு மட்டும். நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் கர்ப்பகால ஹார்மோன்கள் சட்டென்று இறங்குகின்றன. தூக்கமும் இல்லை, மார்பும் கட்டிக்கொள்ளும். மூன்றாம் நாள் வாக்கில் அழுகை தொடங்கி, நான்காம் ஐந்தாம் நாள் உச்சத்துக்குப் போகும். இதைத்தான் பேபி ப்ளூஸ் என்கிறோம். பாதிக்கு மேற்பட்ட தாய்மார்களுக்கு வருகிறது. காலையில் அழுதவள் மதியம் சிரிப்பாள், குழந்தையைக் கொஞ்சுவாள். மருந்து வேண்டாம், பத்துப் பதினான்கு நாளில் தானாக அடங்கிவிடும். அதற்கு மேலும் நாள் முழுக்க மனது கனத்தே கிடக்கிறது என்றால் பெயர் வேறு: பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு. நம் கணியம்பாடி ஒன்றியத்துப் பெண்களிடமே ஓர் ஆய்வு நடந்து 2002-ல் வெளியானது. பிரசவத்துக்குப் பிறகு நூற்றில் பதினொரு பேருக்குப் புதிதாக இது வந்திருந்தது. அதில் சொன்ன காரணங்களைப் படித்தபோது என் ஏரியா வீடுகளே கண்முன் வந்தன. வருமானக் குறைவு, ஆண் குழந்தையை எதிர்பார்த்த இடத்தில் பெண், மாமியாரோடு மனக்கசப்பு, கூடமாட ஒத்தாசைக்கு ஆளில்லாதது.

இதைக் கண்டுபிடிக்கும் கேள்விகள் எளிமையானவை. கடந்த ஒரு மாதத்தில் அடிக்கடி மனது சோர்ந்து, நம்பிக்கையே இல்லாத மாதிரி இருந்ததா? எதைச் செய்தாலும் ஆசையோ சந்தோஷமோ இல்லாமல் போனதா? இரண்டில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். நான் சொந்தமாக ஒன்று சேர்த்துக் கேட்பேன்: "குழந்தை தூங்கும்போது உனக்குத் தூக்கம் வருதா?" குழந்தை முழிக்க வைத்துத் தூக்கம் கெடுவது எல்லா வீட்டிலும் நடப்பது. குழந்தை அசந்து தூங்கியும் இவள் கூரையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

கேள்வி எளிது, கேட்கும் இடம்தான் கஷ்டம். இதில் நானே ஒரு முறை தவறினேன். இருபத்து மூன்று வயதுப் பெண், இரண்டாவதும் பெண் குழந்தை, கணவருக்குத் தோல் ஷூ கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. நான்காம் நாள் போனபோது அழுதாள், ப்ளூஸ் என்று சொல்லி வந்தேன், அது சரிதான். மூன்றாம் வாரம் போனபோது மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "எப்படிம்மா இருக்க?" என்றேன். "நல்லா கீறேன் நர்ஸம்மா" என்றாள். நானும் நோட்டில் எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஆறாவது வாரம் தடுப்பூசிக்கு வந்தபோது குழந்தையை எடை போட்டால், பிறந்தபோது 2.8 கிலோ, இப்போது 3.3 தான். அவளுக்கோ தலைபாரம், உடம்பெல்லாம் எரிச்சல், நெஞ்சுப் படபடப்பு, பால் பத்தவில்லை. நம் பெண்கள் மனது சரியில்லை என்று வாய்விட்டுச் சொல்வது அபூர்வம். உடம்பைத்தான் சொல்வார்கள்.

குழந்தையை மாமியார் கையில் கொடுத்து வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அவளை மட்டும் உள்ளே அழைத்துக் கேட்டேன். இரண்டுக்கும் ஆமாம். பிறகு எடின்பரோ அளவுகோலின் பத்துக் கேள்விகளை வாசித்தேன். கடந்த ஏழு நாளைப் பற்றியவை, தமிழிலேயே இருக்கிறது, மொத்தம் 30 மதிப்பெண். பொதுவாக 13 அல்லது அதற்கு மேல் என்றால் மனச்சோர்வு இருக்க வாய்ப்பு அதிகம் என்று எடுப்பார்கள். அவளுக்கு 16. நோயை உறுதி செய்வது டாக்டர் வேலை, இந்தத் தாள் வெறும் சல்லடை. ஆனால் பத்தாவது கேள்வி, தன்னைத் தானே ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் பற்றியது, அதற்கு மொத்த மதிப்பெண் எவ்வளவு என்று பார்க்கவே கூடாது. பூஜ்யம் தவிர எது வந்தாலும் அன்றைக்கே விசாரிக்க வேண்டும். "எப்போதாவது" என்றாள். "நான் இல்லாமப் போயிட்டா இவங்களுக்கு நிம்மதின்னு தோணும்." எப்படி, எப்போது என்று யோசித்தாயா என்று நேராகவே கேட்டேன். இல்லை என்றாள். கேட்டால் எண்ணம் வளர்ந்துவிடும் என்று பயப்படுவார்கள். அப்படி ஆகாது. கேட்ட பிறகுதான் அவள் நன்றாக அழுதாள்.

அன்றே ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் காட்டினோம். ஹீமோகுளோபின் 8.4, இரும்புச்சத்து மாத்திரை தொடங்கியாயிற்று. தைராய்டுக்கும் ரத்தம் எடுத்தார்கள், சோர்வு அதனாலும் வரும். மனநல மருத்துவரையும் ஒரு முறை பார்த்தாள். இப்போதைக்குச் செவிலியர் வாராவாரம் பார்க்கட்டும், குறையாவிட்டால் மாத்திரை என்று அவர் முடிவு செய்தார். பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மாத்திரைகள் உண்டு, அந்தப் பயம் வேண்டாம்.

வாராவாரம் போய் என்ன செய்தேன் என்றால், அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டேன், அவ்வளவுதான். ஸ்காட்லாந்தில் வீடுவீடாகப் போகும் செவிலியர்களுக்குக் குறுகிய பயிற்சி கொடுத்து, எட்டு வாரம் இப்படிக் கேட்க வைத்தார்கள். 1989-ல் முடிவு வந்தது. அப்படிக் கேட்கப்பட்ட 26 பேரில் 18 பேர் தேறினார்கள், வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்த 24 பேரில் 9 பேர். கேட்பது என்றால் புத்தி சொல்லாமல் கேட்பது. "ராஜாத்தி மாதிரி குழந்தை, உனக்கென்ன குறை" என்று ஆரம்பித்தால் அவள் வாயை மூடிக்கொள்வாள். நானும் முதல் இரண்டு வாரம் நாக்கைக் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

கூடவே தூக்கத்துக்கு ஓர் ஏற்பாடு. இரவு ஒன்பதுக்குப் பால் கொடுத்துப் படுத்தால், ஒரு மணி வரை குழந்தையை மாமியார் பார்த்துக்கொள்வார், பசித்து அழுதால் மட்டும் எழுப்புவார். மாமியாரை எதிரியாக்காமல் "நீங்க இருந்தாத்தான் ஆகும்" என்று பேசினேன், சம்மதித்தார். பத்தியம் என்று ரசம் சோறு மட்டும் கொடுத்ததை மாற்றி முட்டை, கீரை, பருப்பு சேர்க்க வைத்தேன். வார விடுமுறையில் கணவரை உட்கார வைத்து, இது சோம்பலும் இல்லை, திமிரும் இல்லை, நோய் என்று சொன்னேன். மந்திரித்துக் கயிறு கட்ட வேண்டும் என்றார்கள். கட்டுங்கள், ஆனால் இரும்பு மாத்திரையை விடாதீர்கள் என்றேன். இப்படிப் போகத் தொடங்கிய எட்டாவது வாரம் மதிப்பெண் 7, குழந்தையும் எடை ஏறியிருந்தது. எல்லாருக்கும் இப்படி முடிவதில்லை. நான்கைந்து வாரத்தில் அசைவே தெரியாவிட்டால் மருந்துக்குத் திரும்ப அனுப்பிவிடுவேன்.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்கிறேன். தூக்கமே தேவைப்படாத மாதிரி திரிவது, யாரோ பேசுவது காதில் கேட்கிறது என்பது, குழந்தையை யாரோ மாற்றிவிட்டார்கள் என்பது, இதெல்லாம் சோர்வு அல்ல. பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கும், அபூர்வமானது, அவசரம். தாயையும் குழந்தையையும் தனியாக விடாமல் 108-ஐக் கூப்பிட்டு, மனநலப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரிக்கு, நம் பக்கம் என்றால் அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரிக்கு, போய்விட வேண்டும்.

உங்கள் தங்கை குழந்தைக்கு அடுத்த வாரம் தடுப்பூசி இருக்கும், பெரும்பாலும் புதன்கிழமை. அதற்குள் இன்றோ நாளையோ, தனியாக இருக்கும்போது அந்த இரண்டு கேள்வியையும் தூக்கக் கேள்வியையும் நீங்களோ உங்கள் வீட்டுப் பெண் யாராவதோ கேளுங்கள். சாகலாமா என்ற பேச்சு வந்தால் புதன் வரை காத்திருக்காமல் அன்றே டாக்டரிடம் போங்கள், இரவானாலும் மனநல உதவி எண் 14416-ல் பேசலாம். அப்படி இல்லையென்றால் புதன்கிழமை நர்ஸிடம் "அழறா" என்று மட்டும் சொல்லாதீர்கள். "அஞ்சு வாரமா இப்படி இருக்கா, குழந்தை தூங்கினாலும் தூங்கறதில்ல, தனியா வெச்சுக் கேளுங்க" என்று சொல்லுங்கள்.