நிழல் பக்கத்துத் தாடை

ஐயா, வணக்கம். சாத்தூர் பக்கம் சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். போன மாதம் ஒரு வீட்டில் பெரியவர் தவறிவிட்டார். சபரிமலைக்கு மாலை போட்ட முதல் வாரத்தில், வாசலில் வைத்து போனில் எடுத்த படம்தான் அவர்களிடம் நன்றாக இருக்கிறது. நரையும் கருப்புமாக ஒரு வாரத் தாடி. மீசை இருக்கட்டும், தாடியை எடுத்துவிட்டு ஃப்ரேம் போட்டுக் கொடுங்கள் என்றார்கள். யூடியூபில் பார்த்து, தோலின் நுணுக்கத்தை மேல் லேயராகவும் நிறத்தைக் கீழ் லேயராகவும் பிரிக்கிற ஃப்ரீக்வென்சி செபரேஷன் போட்டு, கன்னத்துத் தோலை எடுத்துத் தாடையில் ஒட்டினேன். மெழுகு பொம்மை மாதிரி வருகிறது. மகள் பார்த்துவிட்டு, "இது அப்பா மாதிரி இல்லை" என்று சொல்லிவிட்டார். பிளர் எவ்வளவு வைக்க வேண்டும்? இன்னொரு கஸ்டமருக்குக் கல்யாண ஆல்பத்தில் தாடி அடர்த்தியாக வேண்டுமாம், அதற்கு எந்த பிரஷ் பேக் நல்லது? சூப்பர்மேன் மீசையையே ஒழுங்காக எடுக்க முடியவில்லை என்கிறார்களே, நம்மால் ஆகுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

சூப்பர்மேனை விடுங்கள். 2017-இல் அந்த நடிகர் இன்னொரு படத்துக்காக மீசை வைத்திருந்தார், அதை மழிக்க விடவில்லை, அதனால் கணினியில் அழித்தார்கள். பேசுகிற, சிரிக்கிற மேல் உதட்டை ஒவ்வொரு ஃப்ரேமிலும் புதிதாகச் செய்ய வேண்டிய வேலை அது. உங்கள் பெரியவர் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். அவர் மீசையையும் நீங்கள் தொடப் போவதில்லை.

பிளர் கேள்வியையும் விடுங்கள். 6 வைத்தாலும் 9 வைத்தாலும் உங்கள் சிக்கல் தீராது. தனி முடி மேல் லேயருக்குப் போகும், முடிகள் நெருங்கி நின்று உண்டாக்கும் கருமை கீழ் லேயரில் தங்கும். ஒரே தாடியை இரண்டு இடத்தில் துரத்த வேண்டியிருக்கும். அந்த முறை கெட்டதில்லை, இந்த வேலைக்கு அது தேவையில்லை, அவ்வளவுதான்.

லேயர் கலைக்காத கோப்பையே அனுப்பியிருந்தீர்கள். அதைத் திறந்து பார்த்ததும்தான் பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது. படத்தில் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வருகிறது. இடப்பக்கக் கன்னம் பளிச்சென்று இருக்கிறது, வலப்பக்கத் தாடை நிழலில் கிடக்கிறது. நீங்கள் வெளிச்சப் பக்கக் கன்னத்திலிருந்து ஒரு துண்டை எடுத்து, இடவலமாகத் திருப்பி, நிழல் பக்கத் தாடையில் ஒட்டி, மேலே கருமையைக் கூட்டியிருக்கிறீர்கள். முகம் இரண்டு பக்கமும் ஒன்றுதானே என்று நினைத்திருப்பீர்கள். எலும்பு ஒன்றாக இருக்கலாம், வெளிச்சம் ஒன்றில்லை. ஸ்டுடியோ நடத்துகிற ஆள் இதைச் செய்யலாமா?

தோலின் சொரசொரப்பு என்று நாம் சொல்வது தனிப் பொருள் கிடையாது. அது சின்னச் சின்னக் குழிகளில் விழும் வெளிச்சமும் நிழலும்தான். வெளிச்சம் இடப்பக்கமிருந்து வந்தால் ஒரு குழியின் இடது சுவர் இருட்டாக இருக்கும், எதிரே உள்ள வலது சுவர் வெளிச்சத்தை வாங்கும். துண்டை இடவலமாகத் திருப்பிவிட்டால் இடது சுவர் வெளிச்சமாகவும் வலது சுவர் இருட்டாகவும் மாறிவிடும். முகத்தின் மற்ற பகுதியில் வெளிச்சம் இடமிருந்து வருவதைக் கண் ஏற்கெனவே கணக்கில் வைத்திருப்பதால், அந்தக் குழிகளை அது மேடு என்று படித்துவிடும். நிலாவின் பள்ளங்களை எடுத்த படத்தைத் தலைகீழாகப் பிடித்தால் பள்ளமெல்லாம் கொப்புளமாகத் தெரியுமே, அதேதான். உங்கள் பெரியவரின் வலது தாடை மட்டும் புல்லரித்திருக்கிறது. மகளுக்கு இதை விளக்கிச் சொல்லத் தெரியாது. "அப்பா மாதிரி இல்லை" என்றுதான் சொல்வார். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரே முகத்தில் சொரசொரப்பு எல்லா இடத்திலும் ஒரே அழுத்தத்தில் இருக்காது. வெளிச்சம் நேராக விழும் கன்னத்தில் குழிகள் மங்கலாகத்தான் தெரியும், ஏனென்றால் குழிக்குள்ளும் வெளிச்சம் போய்விடுகிறது. வெளிச்சம் சாய்ந்து உரசிக்கொண்டு போகிற இடத்தில், அதாவது ஒளி நிழலாக மாறுகிற அந்தப் பட்டையில், ஒவ்வொரு குழியும் துலக்கமாகத் தெரியும். அதைத் தாண்டி முழு நிழலுக்குள் போய்விட்டால் பக்கவாட்டு ஒளியே கிடையாது, எங்கிருந்தோ பட்டுத் திரும்பும் மென்மையான ஒளிதான். அங்கே மறுபடி மங்கிவிடும். ஆக, தாடையை மூன்று ஊராக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஊர்த் தோலை இன்னொரு ஊருக்குக் கொண்டுபோகாதீர்கள். எல்லா இடத்திலும் ஒரே அளவு சொரசொரப்பு இருந்தால் முகம் உருண்டையாகத் தெரியாது, சுவரில் ஒட்டிய தாள் மாதிரி தட்டையாகிவிடும்.

இதை நான் கம்ப்யூட்டரில் கற்கவில்லை. என் பெரியப்பா நெகட்டிவ் ரீடச் செய்தவர். சாய்ந்த மேசை, நடுவில் பால்கண்ணாடி, கீழே ஒரு கண்ணாடி வைத்து ஜன்னல் வெளிச்சத்தை மேலே திருப்பியிருப்பார். நெகட்டிவின் மேல் மருந்து தடவி, ஊசி மாதிரி சீவிய கெட்டிப் பென்சிலால் தொட்டுக்கொண்டே இருப்பார். நெகட்டிவில் முடி வெளுப்பாக, கண்ணாடி மாதிரி இருக்கும். அங்கே பென்சில் ஈயம் ஏறினால் ஒளி குறைவாகப் போகும், பிரின்ட்டில் அந்த இடம் தோலின் நிறத்துக்கு வெளுத்துவிடும். பிரின்ட்டில் கருமை வேண்டுமென்றால் கத்தியால் மெல்லச் சுரண்டுவார். அழிக்கப் பென்சில், வரையக் கத்தி. எனக்குச் சிறு வயதில் இது தலைகீழ் உலகமாக இருந்தது. பக்கத்தில் நின்று மூச்சு விட்டால்கூடத் திட்டுவார்.

அவர் நிழல் பக்கத்துத் தாடையைப் பெரும்பாலும் தொடவே மாட்டார். சோம்பேறித்தனம் என்று நினைத்திருக்கிறேன். நிழல் விழுந்த பகுதி நெகட்டிவில் மெலிவாக இருக்கும், அங்கே ஒரு பென்சில் கோடு போட்டாலும் பிரின்ட்டில் தழும்பு மாதிரி காட்டிக்கொடுத்துவிடும் என்பது பிறகுதான் புரிந்தது. உங்கள் கோப்பில் எங்கே அதிகமாக வேலை நடந்திருக்கிறது தெரியுமா? நிழல் பக்கத்தில்தான்.

சரி, வேலைக்கு வருவோம். ஒட்டியதையெல்லாம் தூக்கிப் போடுங்கள். ஒரு வாரத் தாடி என்றால் முடியின் நீளம் 2, 3 மில்லிமீட்டர்தான். முடிக்கும் முடிக்கும் நடுவே அவருடைய சொந்தத் தோல் தெரிகிறது. அந்த இடத்துக்கே உரிய வெளிச்சத்தோடு தெரிகிறது. அதைவிட நல்ல தோல் உங்களுக்கு எங்கே கிடைக்கும்? போட்டோஷாப்பில் காலி லேயர் ஒன்று போட்டு, அந்த லேயரை Lighten என்று மாற்றி, Clone Stamp எடுங்கள். Sample என்ற இடத்தில் Current & Below, Mode என்ற இடத்தில் Normal, Opacity 30 அல்லது 40. பிரஷ் ஒரு முடியைப்போல் இரண்டு மூன்று மடங்கு தடிமன் இருந்தால் போதும். முடிக்கு ஒட்டினாற்போல் உள்ள தோலை Alt அழுத்தித் தொட்டு, முடியின் போக்கிலேயே இழுங்கள். Lighten வைத்தால், எடுத்த இடத்தைவிடக் கருப்பாக இருப்பது மட்டும்தான் மாறும். முடி மங்கும், தோலின் பளபளப்புப் புள்ளிகள் அப்படியே நிற்கும். Healing Brush வேண்டாம். அது சுற்றிலும் உள்ளதோடு கலந்துவிடப் பார்க்கும், சுற்றிலும் இருப்பதோ முடி. நீங்கள் சொன்ன மெழுகில் பாதி அங்கிருந்து வந்ததுதான்.

கருப்பு முடி போனதும் முகத்தில் அரிசிமாவு தெளித்தது போல நரைமுடி மட்டும் மிஞ்சும். அதற்கு வேறொரு லேயர், இந்தத் தடவை லேயரை Darken என்று மாற்றுங்கள். வெளிச்சப் பக்கத்தில் கவனமாக இருங்கள். அங்கே நரைமுடியும் தோலின் மினுக்கமும் ஒரே வெளுப்பில் இருக்கும், மினுக்கத்தையும் சேர்த்து அழித்தால் தாடை செத்துவிடும். நீளமாக இருந்தால் முடி, புள்ளியாக இருந்தால் மினுக்கம். நிழல் பக்கத்தில் துலக்கமான முடிகளை மட்டும் எடுத்துவிட்டு நகருங்கள். மீசையின் கீழ் ஓரத்தில் சிதறி நிற்கும் முடிகளையும் விட்டுவிடுங்கள். அங்கே கத்தரித்த மாதிரி நேர்கோடு வந்தால் மீசை ஒட்டுமீசையாகிவிடும்.

முடியெல்லாம் போன பிறகும் தாடை சாம்பலாகத் தெரியும். அது தோலுக்கு அடியில் இருக்கும் முடி. வெள்ளைக்காரர்கள் முகத்தில் நீலமாகத் தெரிவது நம் நிறத்தில் பச்சை கலந்த சாம்பலாகத் தெரியும். புதிய லேயரை Color என்று மாற்றி, அதே பக்கக் கன்னத்தின் நிறத்தை எடுத்து, பெரிய மென்மையான பிரஷில் 10 சதவீதம் வைத்துத் தடவுங்கள். பாதி குறைந்ததும் நிறுத்திவிடுங்கள். முழுக்க எடுக்காதீர்கள். வருஷக்கணக்காகத் தினம் ஷேவ் செய்த மனிதரின் தாடையில் அந்த நிறம் இருக்கும். அதோடு நம் ஊர் முகங்களில் வாயைச் சுற்றித் தோலே கொஞ்சம் கருப்புத்தான். மகள் பார்த்து வளர்ந்தது அந்த முகத்தை. பையன் கன்னம் மாதிரி ஆக்கிவைத்தால் மறுபடியும் "அப்பா இல்லை" என்றுதான் சொல்வார்.

முடித்ததும் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கருப்பு லேயரை Color முறையில் போட்டுப் பாருங்கள். படம் கருப்புவெள்ளையாகும். நிறம் மறைத்து வைத்திருந்த திட்டுகள் எல்லாம் அப்போது தெரியும்.

கல்யாணத் தாடி. பிரஷ் பேக் எதையும் வாங்காதீர்கள். காசு கொடுத்து வாங்கும் தாடியில் எல்லா முடியும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். கன்னத்தில் முடி கீழ் நோக்கி இறங்கும், தாடைக்குக் கீழே கழுத்தில் பலருக்குத் திசை மாறி மேலோ பக்கவாட்டிலோ போகும். முதலில் Multiply லேயரில் தோலின் மேல் மெல்லிய நிழல், பிறகு கருமுடி, வெளிச்சப் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் வெளிறிய முடி. ஓரத்தில் அடர்த்தி படிப்படியாகக் குறையட்டும். மூக்கும் கண்ணும் துல்லியமாகவும் காதுப் பக்கம் மங்கலாகவும் இருக்கிற படமென்றால், காதுப் பக்கத் தாடியும் மங்கலாகத்தான் இருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு இரண்டு வாரம் அவகாசம் இருந்தால் அவரையே வளர்க்கச் சொல்லுங்கள், எல்லாருக்கும் நல்லது.

கடைசியாக, இதுதான் எனக்குக் கோபம் வந்த இடம். பெரியவரின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், தாடையில் சின்னச் சின்னச் சதுரங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படம். தோலின் குழிகள் முக்கால்வாசி ஏற்கெனவே போய்விட்டன. மேலே சொன்ன எதுவும் அதில் பாதிகூடப் பலிக்காது. யார் போனில் எடுத்தார்கள் என்று கேளுங்கள். அந்த போனிலிருந்து கேபிள் போட்டு எடுங்கள், இல்லையென்றால் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். அந்தக் கோப்பு கிடைத்த பிறகு வேலையை ஆரம்பியுங்கள்.